200 டாலர் தேர்வுக் கட்டணம் உங்கள் கார்டில் எத்தனை ரூபாய்? கட்டுவதற்கு முன்பே கணக்குப் போடும் முறை

குமரி மாவட்டத்தில் வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸ் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்கா போக நினைப்பவர்கள் எழுதும் என்கிளெக்ஸ் தேர்வுக்குப் பதிவுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள மையத்தில் எழுதினால் இன்னொரு 150 டாலர் தனியாகக் கட்ட வேண்டும், வரி பொருந்தும் இடங்களில் அதுவும் சேரும். இதைக் கார்டில் கட்டிய பலர் பிறகு கேட்பது ஒரே கேள்விதான்: "கூகுளில் 17,940 காட்டியது, வங்கி ஏன் 18,700க்கு மேல் எடுத்திருக்கிறது?"

வங்கி திருடவில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு எடுக்கிறது என்பதை ஒரே இடத்தில், ஒரே வரியில் அது சொல்வதும் இல்லை. அந்த வரியை நாமே எழுதிக்கொள்ளலாம். தேர்வுக் கட்டணம், வெளிநாட்டு ஹோட்டல் புக்கிங், மென்பொருள் சந்தா எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். சுங்க வரி வரும் பார்சல் பொருட்களை மட்டும் இதில் சேர்க்கவில்லை, அது வேறு கணக்கு.

விலை எங்கெங்கே கூடுகிறது

டாலரில் கேட்கப்பட்ட தொகை உங்கள் கணக்கில் ரூபாயாகப் பதிவாவதற்கு முன் மூன்று இடங்களைக் கடக்கிறது.

முதலில் கார்டு நெட்வொர்க். உங்கள் கார்டின் மூலையில் இருக்கும் விசா அல்லது மாஸ்டர்கார்டு நிறுவனம்தான் டாலரை ரூபாயாக மாற்றுகிறது. அதற்கென்று ஒவ்வொரு நாளும் ஒரு விலையை அவர்களே வெளியிடுகிறார்கள். கூகுளில் வருவது சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் எண். அந்த விலைக்கு உங்களுக்கோ எனக்கோ யாரும் டாலர் தருவதில்லை. நெட்வொர்க் விலை பெரும்பாலும் அதைவிடச் சில பைசா கூடுதலாக இருக்கும்.

இரண்டாவது, வங்கியின் மார்க்கப். வெளிநாட்டு நாணயத்தில் செலவு செய்ததற்காக வங்கி எடுக்கும் சதவீதம் இது. நம் ஊரில் பலர் கையில் இருக்கும் சாதாரண கிரெடிட் கார்டுகளில் இது 3.5 சதவீதம். சற்று மேல்தட்டுக் கார்டுகளில் 2 சதவீதம், சிலவற்றில் இன்னும் குறைவு. மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் இருக்கின்றன.

மூன்றாவது, அந்த மார்க்கப் மீது 18 சதவீத ஜிஎஸ்டி. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஜிஎஸ்டி நீங்கள் கட்டும் மொத்தத் தொகையின் மேல் அல்ல, வங்கி எடுத்த மார்க்கப்பின் மேல்தான். அதனால் 3.5 சதவீத மார்க்கப் என்பது உண்மையில் 4.13 சதவீதம். 2 சதவீதம் என்றால் 2.36. மார்க்கப் சுழியம் என்றால் இந்த ஜிஎஸ்டியும் சுழியம்.

படி 1: எந்த நாணயம் என்று பாருங்கள்

$ குறி இருப்பதெல்லாம் அமெரிக்க டாலர் அல்ல. ஆஸ்திரேலியா, கனடா, சிங்கப்பூர் எல்லாவற்றுக்கும் அதே குறிதான். உதாரணமாக, ஓஇடி ஆங்கிலத் தேர்வின் கட்டணம் ஆஸ்திரேலிய டாலரில் இருக்கும். பணம் கட்டும் பக்கத்தில் `USD`, `AUD` என்ற மூன்றெழுத்துக் குறியீடு எங்காவது இருக்கும், அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: உங்கள் கார்டின் மார்க்கப் எவ்வளவு

இதை வங்கிக் கிளையில் போய்க் கேட்டால் சரியான பதில் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். கார்டுடன் வந்த கட்டண அட்டவணையைப் பாருங்கள். வங்கியின் இணையதளத்தில் `MITC` அல்லது `Schedule of Charges` என்ற பெயரில் ஒரு பிடிஎஃப் இருக்கும். அதைத் திறந்து `foreign currency` என்று தேடினால் அந்த வரி வந்துவிடும். ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளுக்கு வேறு வேறு சதவீதம் இருக்கலாம், ஆகவே உங்கள் கார்டின் பெயருக்கு நேரே உள்ள எண்ணைப் பாருங்கள். டெபிட் கார்டுக்குத் தனி அட்டவணை.

இந்த இடத்திலேயே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். ஊரில் பலர் வைத்திருக்கும் ரூபே டெபிட் கார்டு உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமானது, அது வெளிநாட்டுத் தளத்தில் ஓடாது. சர்வதேச ரூபே என்றாலும் டிஸ்கவர், டைனர்ஸ், ஜேசிபி கார்டுகளை ஏற்கும் தளத்தில்தான் ஓடும். விசா, மாஸ்டர்கார்டு என்றாலும் சர்வதேச ஆன்லைன் பயன்பாடு ஆரம்பத்தில் அணைத்தே இருக்கும். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தானே இயக்கினால்தான் அது வேலை செய்யும். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போய், இன்டர்நேஷனல், ஆன்லைன் இரண்டையும் இயக்கி, வரம்பைக் கட்டவேண்டிய தொகையைவிடச் சற்று மேலே வையுங்கள். கட்டி முடித்ததும் திரும்ப அணைத்துவிடுங்கள். கட்டணம் தோற்றுப்போவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். தளத்தைக் குறைசொல்லி மீண்டும் மீண்டும் முயன்று கார்டு பூட்டிக்கொள்வது இரண்டாவது.

படி 3: நெட்வொர்க் விலையை எடுங்கள்

விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் இணையதளத்திலும் நாணய மாற்றுக் கணிப்பான் இலவசமாக இருக்கிறது. தேதி, தொகை, பொருளின் நாணயம், கார்டின் நாணயம், வங்கிக் கட்டணச் சதவீதம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். நாணயங்களை மாற்றிப் போட்டுவிட்டால் சற்றே வேறான ஒரு விலை வரும், அல்லது 200 ரூபாய்க்கு இத்தனை டாலர் என்று காட்டும். பொருளின் நாணயம் டாலர், கார்டின் நாணயம் ரூபாய் என்று இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

வங்கிக் கட்டணம் கேட்கும் பெட்டியில் முதலில் 0 போடுங்கள். அப்போது கலப்பில்லாத நெட்வொர்க் விலை கிடைக்கும். 3.5 என்று போட்டால் ஜிஎஸ்டி விட்டுப்போகும், அந்தக் கணிப்பானுக்கு நம் ஜிஎஸ்டி தெரியாது. நேராக மொத்தம் வேண்டுமென்றால் 4.13 என்று போடுங்கள்.

படி 4: கணக்கு

நெட்வொர்க் விலை ஒரு டாலருக்கு 90 ரூபாய், மார்க்கப் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 90 என்பது கணக்குக்காக எடுத்த எண், நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

200 டாலருக்கு 18,000 ரூபாய். மார்க்கப் 630. அதன் மேல் ஜிஎஸ்டி 113 ரூபாய் 40 காசு. மொத்தம் 18,743.40. கூகுளில் அன்று டாலர் 89.70 என்றிருந்தால் அது காட்டியிருக்கும் தொகை 17,940. வித்தியாசம் 803 ரூபாய். அதில் நெட்வொர்க் விலையால் வந்தது வெறும் 60 ரூபாய், மீதி 743 ரூபாயும் வங்கியும் ஜிஎஸ்டியும்.

போனில் இருக்கும் எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் ஒருமுறை இதைப் போட்டு வைத்துக்கொள்ளலாம். `A2`வில் டாலர் தொகை, `B2`வில் நெட்வொர்க் விலை, `C2`வில் மார்க்கப் (3.5%):

```
=A2*B2*(1+C2*1.18)
```

இதில் வரும் மொத்தத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு எண். 18,743.40ஐ 200ஆல் வகுத்தால் 93 ரூபாய் 72 காசு. அதாவது இந்தக் கார்டில் உங்களுக்கு ஒரு டாலர் 93.72க்கு விழுகிறது. இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த விலை சொன்னாலும் இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

உதாரணமாக, சில இடங்களில் தங்கள் கார்டிலேயே கட்டித் தருவதாகச் சொல்லி, "டாலருக்கு நூறு ரூபாய் போட்டுக்கோங்க" என்பார்கள். கணக்குப் பார்க்க எளிதாக இருப்பதால் பலரும் சரி என்று தலையாட்டிவிடுவார்கள். 200 டாலருக்கு 20,000 ரூபாய் ஆகிறது. உங்கள் கார்டில் கட்டியிருந்தால் 18,743. வித்தியாசம் 1,257 ரூபாய். அவர் உழைப்புக்கு ஒரு தொகை வாங்குவதில் தவறில்லை, ஆனால் அது எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

வளைகுடாவில் இருக்கும் அண்ணனோ மாமாவோ கட்டித் தருவதாகச் சொன்னாலும் இதே ஒப்பீடுதான். துபாய் திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போடப்பட்டது, ஆகவே 200 டாலர் 734.50 திர்ஹாம். அந்த விலை ஏறி இறங்காது என்பது நல்ல விஷயம். ஆனால் அங்குள்ள வங்கியும் வெளிநாட்டு நாணயக் கட்டணம் எடுக்கும். அண்ணனிடம், "உங்க கார்டில் மொத்தம் எத்தனை திர்ஹாம் பிடித்தது?" என்று கேட்டு, அவர் ஊருக்குப் பணம் அனுப்பும் விலையில் அதைப் பெருக்கிப் பாருங்கள். அடுத்தவர் பெயரிலுள்ள கார்டை அந்தத் தளம் ஏற்குமா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

படி 5: பணம் கட்டும் திரையில் ஒரு கேள்வி

பணம் அதிகம் போவது இங்கேதான். சில தளங்களில், முக்கியமாக ஹோட்டல், விமான டிக்கெட் தளங்களிலும் பேபால் வழியே கட்டும்போதும், "உங்கள் வசதிக்காக ரூபாயிலேயே கட்டலாம்" என்று ஒரு தேர்வு வரும். ரூபாய்த் தொகை கண்ணுக்கு நேரே தெரிவதால் அது பாதுகாப்பாகத் தோன்றும். சில நேரம் அது ஏற்கெனவே டிக் செய்யப்பட்டே இருக்கும்.

அதைத் தேர்ந்தால் டாலரை ரூபாயாக மாற்றுவது நெட்வொர்க் அல்ல, விற்பவரும் அவருக்குக் கட்டண வசதி தரும் நிறுவனமும். விலையை வைப்பதும் அவர்களே. அன்று நெட்வொர்க் விலை 90 என்றால் அவர்கள் 94.50 வைத்திருப்பார்கள் என்று எடுத்துக்கொள்வோம். அப்போது 200 டாலருக்கு 18,900 ரூபாய். இத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. விற்பவர் வெளிநாட்டில் இருப்பதால், ரூபாயில் நடந்தாலும் இது சர்வதேசப் பரிவர்த்தனைதான் என்று சொல்லி நம் ஊர் வங்கிகள் பல இதற்கும் ஒரு கட்டணம் வைத்திருக்கின்றன. 1 சதவீதம் என்றால் 189 ரூபாய், ஜிஎஸ்டி 34.02. மொத்தம் 19,123.02. டாலரிலேயே கட்டியிருந்தால் 18,743.40. தெரிந்த தொகை வேண்டும் என்ற ஆசைக்குக் கொடுத்த விலை 380 ரூபாய்.

மார்க்கப் இல்லாத கார்டு வைத்திருப்பவருக்கு இது இன்னும் மோசம். அவருக்கு 18,000இல் முடிந்திருக்க வேண்டியது 19,123 ஆகிவிடும். கார்டு வாங்கியதன் பயனே போய்விடும்.

ஆகவே விற்பவரின் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். விலைகளை ஒப்பிட்டு ரூபாய்தான் மலிவு என்று உறுதியானால் ஒழிய இதை மாற்ற வேண்டாம். 3.5 சதவீதக் கார்டில், விற்பவர் சொல்லும் விலை நெட்வொர்க் விலையைவிட மூன்று சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால் அப்படி நடக்கலாம், ஆனால் அது அபூர்வம்.

இதன் தம்பி ஒன்று இருக்கிறது. சில வெளிநாட்டு நிறுவனங்கள் இந்திய வாடிக்கையாளருக்கு விலையையே ரூபாயில் வைத்திருக்கும். அங்கே தேர்வு எதுவும் இருக்காது, 499 ரூபாய் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் பணம் வெளிநாட்டில் பதிவான கணக்குக்குப் போனால் அந்த 1 சதவீதமும் ஜிஎஸ்டியும் அடுத்த பில்லில் வந்து நிற்கும். ஓடிபி கேட்காமலே பணம் போய்விட்டால் அது வெளியே போனதற்கு ஓர் அறிகுறி. உறுதியாகத் தெரிய ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள், அந்த வரி `International Transactions` என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.

படி 6: எஸ்எம்எஸ் சொல்வதும் ஸ்டேட்மென்ட் சொல்வதும்

கட்டியதும் வரும் எஸ்எம்எஸ்ஸில் `USD 200.00` என்றோ ஒரு ரூபாய்த் தொகையோ இருக்கும். அது இறுதித் தொகை அல்ல. அப்போது நடந்தது அனுமதி மட்டும், வங்கி அந்த அளவு பணத்தை ஒதுக்கி வைக்கிறது. விற்பவர் ஓரிரு நாட்களில் கணக்கை அனுப்பிய பிறகுதான் தொகை பதிவாகும். அதற்குள் விலை மாறியிருந்தால் தொகையும் மாறும்.

நம் உதாரணத்தில் பதிவான நாளில் விலை 90.27 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 18,054 ரூபாய், மார்க்கப் 631.89, ஜிஎஸ்டி 113.74, மொத்தம் 18,799.63. முன்பு போட்ட கணக்கைவிட 56 ரூபாய் கூடுதல். டாலர் விலை இறங்கட்டும் என்று நாள் நாளாகக் காத்திருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பத்து இருபது பைசா இறக்கத்தில் மிஞ்சுவது இருபது நாற்பது ரூபாய். அதே நேரத்தில் மார்க்கப் குறைந்த கார்டு வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டால் நூற்றுக்கணக்கில் மிஞ்சும்.

டெபிட் கார்டில் கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மார்க்கப்பும் ஜிஎஸ்டியும் சில வங்கிகளில் சில நாள் கழித்துத் தனியாகக் கழிக்கப்படும். கணக்கில் சரியாக 18,000 மட்டும் போட்டு வைத்தால் பிறகு குறைந்துபோகும். ஐந்து சதவீதம் கூடுதலாகப் போட்டு வைத்து, ஒரு வாரம் அதைத் தொடாமல் விடுங்கள்.

ஸ்டேட்மென்ட் வந்ததும் சரிபாருங்கள். சில வங்கிகள் மூன்று வரியாகப் பிரித்துக் காட்டும்: 18,054.00, பிறகு 631.89, பிறகு 113.74. இது எளிது. வேறு சில வங்கிகள் மார்க்கப்பை விலைக்குள்ளேயே கலந்து 18,685.89 என்று ஒரு வரியும் 113.74 என்று ஜிஎஸ்டி வரியும் மட்டும் காட்டும். அப்போது முதல் வரியை 200ஆல் வகுங்கள், 93.43 வரும். பதிவான நாளின் நெட்வொர்க் விலையான 90.27ஆல் அதை வகுத்தால் 1.035. அந்தத் தசமத்தில் இருப்பதுதான் உங்கள் மார்க்கப், 3.5 சதவீதம். 1.035க்குப் பதில் 1.045 வந்தால் முதலில் தேதியை ஒருநாள் முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் பொருந்தாவிட்டால் வங்கிக்கு எழுதுங்கள். டாலர் தொகை, பதிவான தேதி, அன்றைய நெட்வொர்க் விலை, கட்டண அட்டவணையில் உள்ள சதவீதம் ஆகிய நான்கையும் சேர்த்து எழுதினால் பொதுவான பதிலை அனுப்பி உங்களைத் தட்டிக்கழிப்பது கடினம்.

பணம் திரும்பி வந்தால்

ஹோட்டலை ரத்து செய்தீர்கள், 200 டாலரும் முழுதாகத் திரும்பி வந்தது. ரூபாயில் முழுதாக வராது. திரும்பி வரும் நாளின் விலையில்தான் மாற்றப்படும். விலை 89.60 என்றால் 17,920 ரூபாய். முதலில் போன 18,799.63இல் மார்க்கப்பையும் ஜிஎஸ்டியையும் வங்கி திருப்பித் தராவிட்டால் 879 ரூபாய் 63 காசு நஷ்டம், வாங்காத பொருளுக்கு. விலை ஏறியிருந்தால் நஷ்டம் குறையும். மார்க்கப்பைத் திருப்பித் தரும் வங்கிகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள். இலவச ரத்து என்று போட்டிருக்கிறதே என்று இரண்டு மூன்று அறைகளைச் சேர்த்துப் பிடித்து வைப்பவர்கள், உடனே பணம் எடுக்காமல் ஹோட்டலில் போய்க் கட்டும் வகையைத் தேர்வது நல்லது.

மார்க்கப் இல்லாத கார்டு வாங்கலாமா

அது நீங்கள் வருடத்துக்கு எத்தனை டாலர் செலவு செய்வீர்கள் என்பதைப் பொறுத்தது. என்கிளெக்ஸுக்கு இரண்டு கட்டணமும் சேர்த்து 350 டாலர். 90 ரூபாய் விலையில் 31,500. அதில் 4.13 சதவீதம் 1,301 ரூபாய். ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு கிடைத்தால் அந்த 1,301 ரூபாய் அப்படியே மிச்சம். ஆண்டுக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 1,300ஐத் தாண்டினால், இந்த ஒரு தேர்வுக்காக மட்டும் வாங்குவது வீண். ஆனால் விண்ணப்பம், சான்றிதழ் சரிபார்ப்பு, ஆங்கிலத் தேர்வு, விசா என்று அடுத்தடுத்து டாலரில் கட்டப்போகிறவர்கள் முதல் கட்டணத்துக்கு முன்பே அந்தப் பட்டியலை எழுதிக் கூட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். கார்டு கைக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகக்கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.